மாலத்தீவில் ஸ்பீடு போட்: எங்கே காத்திருக்கணும்?

மாலத்தீவின் வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. வெளியே வந்தால் சில அடிகளில் கடல், ஜெட்டி, வரிசையாகப் படகுகள். நேராக அங்கே நடக்கத்தான் தோணும். போகாதீங்க.

முதலில் உங்க ரிசார்ட்டின் கவுன்ட்டரைத் தேடுங்கள். பயணிகள் பட்டியல் அங்கே இருப்பவரிடம்தான் இருக்கும். பெயரைச் சரிபார்த்து, அதே படகில் போகும் மற்றவர்களும் வந்து சேர்ந்ததும் அவரே ஜெட்டிக்கு அழைத்துப் போவார். அதுவரை கவுன்ட்டர் பக்கத்திலேயே இருங்கள். காபி குடிக்கப் போனாலும் சொல்லிட்டுப் போங்க. விமான எண்ணை ரிசார்ட்டுக்கு முன்கூட்டியே அனுப்பாவிட்டால், பட்டியலில் பெயர் இல்லாமல் போகலாம்.

படகில் பின்பக்க இருக்கை நல்லது. முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும், மே முதல் அக்டோபர் வரையிலான பருவமழைக் காலத்தில் இன்னும் மோசம். பாஸ்போர்ட்டும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

திரும்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாலே நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி நேரம் பின்னால். சில ரிசார்ட்டுகளோ மாலேவைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்திருக்கும். விமானம் மாலே நேரப்படி மாலை 3 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக்கு விமான நிலையத்தில் இருக்கணும். படகுப் பயணம் 45 நிமிடம் என்றால் 11.15க்குக் கிளம்பணும். ரிசார்ட் கடிகாரத்தில் அது 12.15. அவர்கள் “12.15க்குப் படகு” என்று சொல்வதை மாலே நேரமாக எடுத்துக்கொண்டால், நீங்க ஜெட்டிக்கு வரும்போது படகு போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதனால் முந்தின நாளே வரவேற்பறையில், “இது எந்த நேரப்படி?” என்று கேட்டுடுங்க.