பெரியம்மாவின் போனில் மார்ச் மாதம்

சிவப்பு முக்கோணம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி. கீழே தடித்த எழுத்தில் ‘Your connection is not private’. அதற்கும் கீழே, உங்கள் கடவுச்சொல், செய்திகள், கிரெடிட் கார்டு விவரங்களை யாரோ திருட முயலக்கூடும் என்று இரண்டு வரி. ஜனவரி 3, சனிக்கிழமை காலை இந்த ஸ்கிரீன்ஷாட் அடையாறில் இருக்கும் எனக்கு வந்தது. மயிலாப்பூரில் பெரியம்மா, அன்று மாலைக் கச்சேரி எத்தனை மணிக்கு என்று பார்க்க ஒரு சபாவின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வந்தது இது.

“போன்ல யாரோ திருட வந்திருக்காங்கன்னு போட்டிருக்குடா. அணைச்சு வெச்சிடட்டுமா?” என்றார்.

அவர் பயந்ததில் தவறில்லை. திருட்டு, கார்டு, கடவுச்சொல் என்ற சொற்கள் பெரிதாகக் கண்ணில் படுகின்றன. உண்மையான செய்தியோ அந்தத் திரையின் கடைசியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட படம் வந்தால் நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். அந்தக் கடைசி வரி இது:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

இதில் நமக்கு வேண்டியவை CERT, DATE என்ற இரண்டு சொற்கள் மட்டும். தளத்தின் சான்றிதழில் உள்ள தேதி பொருந்தவில்லை என்கிறது போன். திருடனைப் பார்த்ததாக அது சொல்லவில்லை. தேதி பொருந்தாதபோது எதிரில் இருப்பது அசல் தளம்தானா என்று உறுதி சொல்ல முடியாது என்பதால், மேலே அந்த எச்சரிக்கையை எழுதி வைக்கிறது.

சான்றிதழ் என்றால் என்ன என்று பெரியம்மா கேட்டார். அவர் பல வருடம் மாநகரப் பேருந்தில் மாதப் பாஸ் வைத்து வேலைக்குப் போனவர். அதையே சொன்னேன். “பாஸ்ல உங்க பேரு, கொடுத்தவங்க முத்திரை, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு மூணும் இருக்குமில்லையா? ஒவ்வொரு வெப்சைட்டும் அப்படி ஒண்ணு வெச்சிருக்கு. உங்க போன்தான் கண்டக்டர். அது மூணையும் பார்த்துட்டுத்தான் உள்ளே விடும்.” அவர் உடனே கேட்டார்: “அப்போ சபாக்காரங்க பாஸைப் புதுப்பிக்கலையா?”

சரியான கேள்வி. தேதி பொருந்தாததற்கு இரண்டே காரணம்தான் உண்டு. பாஸ் காலாவதியாகியிருக்க வேண்டும், அல்லது கண்டக்டர் கையில் இருக்கும் காலண்டர் தவறாக இருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை, அதே பக்கத்தை வேறு போனில் திறந்து பார்ப்பது. என் போனில் திறந்தேன், தடையின்றி வந்தது. ஆகவே பாஸ் சரி. சந்தேகம் பெரியம்மாவின் போன் பக்கம் திரும்பியது.

இங்கே ஒரு சிக்கல். ஸ்கிரீன்ஷாட்டின் உச்சியில் இருக்கும் சிறு பட்டையில் மணி 10:14 என்று இருந்தது. கிட்டத்தட்ட அப்போதைய நேரம்தான். பெரியம்மாவும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “மணி சரியாத்தானே காட்டுது” என்றார். இந்த இடத்தில்தான் பலர் கடிகாரத்தின் மேல் தவறில்லை என்று முடிவு செய்து, போனை அணைத்துப் போட்டு, வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டையில் பெரும்பாலும் மணி மட்டும்தான் தெரியும். தேதி தெரியாது.

தேதியைப் பார்க்க, அந்த எச்சரிக்கைப் பக்கத்திலேயே ‘Advanced’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் இன்னும் சில வரிகள் விரியும். கடைசியில் ‘Proceed’ என்று தொடங்கும் இணைப்பும் வரும். அதைத் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ‘Advanced’ பற்றிப் பேசவேண்டும். பிறகு சொன்னால், கை முந்திவிடும். “விரிஞ்சதா? எதையும் தொடாம இன்னொரு படம் எடுங்க. பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் ஒண்ணா அழுத்துங்க.”

இரண்டாவது படம் வந்தது. தளத்தின் சான்றிதழ் 5 நாட்களுக்கு முன் காலாவதியாகிவிட்டது என்றும், இந்தக் கருவியின் கடிகாரம் செவ்வாய்க்கிழமை, மார்ச் 3 என்று காட்டுகிறது, அது சரிதானா என்றும் குரோம் கேட்டிருந்தது. அன்றைய நாளோ சனிக்கிழமை, ஜனவரி 3.

மணி சரி, 3 என்ற எண்ணும் சரி, மாதம் மட்டும் இரண்டு தள்ளிப் போயிருக்கிறது. என் போனில் அந்தத் தளத்தின் சான்றிதழைத் திறந்து பார்த்தேன். அது நவம்பர் 28 முதல் பிப்ரவரி 26 வரை, 90 நாள் செல்லும். ஜனவரி 3 அன்று அது நல்ல பாஸ். மார்ச் 3 அன்று பார்த்தால் ஐந்து நாள் முன்பே முடிந்துபோனது. கணக்கு அப்படியே பொருந்தியது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்தப் படங்கள் பெரியம்மாவின் எண்ணிலிருந்து வரவில்லை, எதிர் வீட்டுப் பெண்ணின் வாட்ஸ்அப்பிலிருந்து வந்தன. பெரியம்மா ப்ளூடூத்தில் அவளுக்கு அனுப்ப, அவள் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். “உங்க வாட்ஸ்அப்லேர்ந்து ஏன் அனுப்பலை?” “அது ரெண்டு நாளா திறக்கலைடா. ஏதோ டேட்டுன்னு சொல்லுது. அது வேற விஷயம்னு உன்கிட்ட சொல்லலை.” வேறு விஷயமே இல்லை. தேதி பெரிதாகத் தவறியிருந்தால் வாட்ஸ்அப்பும் திறக்காமல், போனின் தேதி சரியில்லை, திருத்திவிட்டு வாருங்கள் என்று ஒரு திரையைக் காட்டும். வயதானவர்கள் ஒவ்வொரு தொல்லையையும் தனித்தனியாக எண்ணிக்கொள்வதால் நமக்குப் பாதித் தடயம் வந்து சேர்வதில்லை. “வேற என்னென்ன வேலை செய்யலை?” என்று கேட்டுவிடுவது நல்லது.

அதேபோல் “என்னென்ன வேலை செய்யுது?” என்பதும் நல்ல கேள்வி. வேறு சில தளங்கள் பெரியம்மாவுக்கு ஒழுங்காகத் திறந்தன. அதனால்தான் அவர் சபாவின் தளத்தையே சந்தேகித்தார். ஓராண்டு வரை செல்லும் சான்றிதழ் வைத்திருக்கும் தளத்துக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது பொருட்டல்ல. 90 நாள் சான்றிதழ் வைத்திருக்கும் தளம்தான் அடிபடும். சில பக்கம் திறந்து சில பக்கம் திறக்காமல் போவதே, தேதி கொஞ்சமாகத் தவறியிருப்பதன் அடையாளம்.

மாதம் எப்படித் தள்ளிப்போனது? போனுக்குள் இருப்பது, நொடிக்கு 32,768 முறை துடிக்கும் சிறு குவார்ட்ஸ் படிகம். அது தானாகப் பிசகினால் மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள்தான் பிசகும். அந்தப் பிசகையும் மொபைல் கோபுரமோ இணையமோ தரும் நேரத்தை வைத்து போன் அவ்வப்போது சரிசெய்துகொள்கிறது. மாதக்கணக்கில் தவறினால் ஒன்று, பேட்டரி முழுக்க வற்றி நெடுநாள் கிடந்த போனாக இருக்கவேண்டும். அப்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும், சில போன்களில் 1970 வரைக்கும்கூட. இல்லையென்றால் யாரோ கையால் மாற்றியிருக்கவேண்டும். பெரியம்மாவின் தேதி முன்னால் போயிருந்ததால் இது கை வேலை. அரையாண்டு விடுமுறைக்கு தி.நகரிலிருந்து வந்திருந்த பேரன், விளையாட்டில் தீர்ந்துபோன உயிர்கள் திரும்பிவரும் வரை காத்திருக்க முடியாமல் தேதியை முன்னால் தள்ளியிருக்கிறான். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. தள்ளுவதற்காக, தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்திருக்கிறான். திரும்பப் போட மறந்துவிட்டான்.

திருத்துவது எளிது. செட்டிங்ஸில் System, அதற்குள் Date & time. சாம்சங் போன்றவற்றில் General management என்பதற்குள் இருக்கும். இடம் தெரியாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் date என்று தட்டினால் போதும். உள்ளே ‘Set time automatically’ அல்லது ‘Automatic date and time’ என்று ஒரு சுவிட்ச். பெரியம்மாவிடம் “அதை ஆன் பண்ணுங்க” என்று சொல்லவில்லை. “அந்த வரிக்கு வலது பக்கம் என்ன நிறத்தில் இருக்கு?” என்று கேட்டேன். சாம்பல் என்றார். தொடச் சொன்னேன், நீலமானது. கீழே இருந்த தேதி தானாக ஜனவரிக்குத் திரும்பியது. பிறகு குரோமுக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி திறக்க, சபாவின் நிகழ்ச்சி நிரல் வந்தது. வாட்ஸ்அப்பும் திறந்தது. நேரத்தைக் கையால் அடிக்க வைக்காதது வேண்டுமென்றேதான். அப்படிச் செய்தால் அடுத்த பிசகை போன் தானே திருத்தாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. போன் உள்ளுக்குள் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே நேரத்தை எண்ணுகிறது. நாம் பார்க்கும் மணி, அதோடு ஊர்க் கணக்கைக் கூட்டியது. ஒரு காலத்தில் சென்னைக்கே தனிக் கணக்கு இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்குப்படி மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். 1906இல் வந்த இந்தியப் பொது நேரம் அதை ஐந்தரை மணி நேரம் ஆக்கியது. சான்றிதழ் தேதிகள் பொது நேரத்தில்தான் எழுதப்படுகின்றன. அமெரிக்காவிலிருந்து திரும்பிய போன் அமெரிக்க மணியைக் காட்டினாலும் சான்றிதழுக்கு அதனால் தொல்லையில்லை. அதைப் பார்த்துவிட்டு ஊரை மாற்றாமல் மணியைக் கையால் மாற்றினால்தான், உள்ளே ஓடும் பொது நேரம் பல மணி தவறிப்போகும்.

சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே எதற்கு? தளத்தின் ரகசியச் சாவி ஒருநாள் திருடுபோகலாம், முகவரி வேறொருவர் கைக்கு மாறலாம். கொடுத்த சான்றிதழைப் பாதியில் ரத்துசெய்ய வழி உண்டு என்றாலும், அந்த ரத்துப் பட்டியலை எல்லா பிரவுசரும் எல்லா நேரமும் பார்ப்பதில்லை. ஆகவே ஆயுளைக் குறைப்பதுதான் நம்பகமான காப்பு. சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் இதை முடிவுசெய்தது. அதிகபட்சம் 398 நாளாக இருந்த ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. நல்ல முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், ஏன் இரண்டு வாரம் தேதி தவறினால்கூடப் பல தளங்கள் பெரியம்மாக்களுக்குத் திறக்காமல் போகும்.

தேதியைச் சரிசெய்த பிறகும் அதே எச்சரிக்கை வந்தால் கதை வேறு. எல்லோர் போனிலும் வந்தால், தளத்தினர் சான்றிதழைப் புதுப்பிக்கத் தவறியிருக்கிறார்கள். அவர்கள் புதுப்பிக்கும் வரை காத்திருப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. கடைசி வரியில் DATE என்பதற்குப் பதில் AUTHORITY என்று இருந்தால், முத்திரை போட்டவரை போனுக்குத் தெரியவில்லை. பழைய போன்களிலும், உள்நுழைவு கேட்கும் பொது வைஃபையிலும் இது வரும். உண்மையிலேயே யாரோ இடையில் புகுந்தாலும் இதுதான் வரும். அங்கே ‘Proceed’ தொடவே கூடாது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்கலாம்.

இன்னொரு வகைத் திரையும் உண்டு. அதுவும் சிவப்பாக இருக்கும், திருட்டு என்றே பேசும். கூடவே அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண், இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு செயலி, சில சமயம் அலறும் ஒலி. பிரவுசரின் அசல் எச்சரிக்கையில் இவை எதுவும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் போன் நம்பர் தெரிந்தால் நான் கீழ் வரியைத் தேடுவதில்லை. அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பேசிவிட்டாரா என்றுதான் முதலில் கேட்கிறேன்.