பாட்டிலிலிருந்து இறங்கும் நீர் எங்கே போகிறது?

சோர்ந்து போனவரை மருத்துவமனைக்கு அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கிறார்கள்: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்." கம்பியில் தொங்கும் எல்லா பாட்டிலுக்கும் நம் ஊரில் குளுக்கோஸ் என்றுதான் பெயர். உண்மையில் அவற்றில் பல உப்பு நீராகவே இருக்கும். நிறமற்ற அந்த நீர் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், நரம்புக்குள் நுழைந்த பிறகு ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. செவிலியர் படிப்பில் முதலில் மனதில் பதிய வேண்டிய பாடம் இதுதான்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிவிடும். செறிவு அதிகமான பக்கத்தை நோக்கி நீர் நகர்வதுதான் இரண்டுக்கும் காரணம். உடலின் செல்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ரத்தத்துக்கு ஒத்த செறிவுள்ள திரவம் ஐசோடானிக். அதில் செல் சுருங்குவதுமில்லை, ஊதுவதுமில்லை. செறிவு குறைந்தது ஹைப்போடானிக். அதிலுள்ள நீர் செல்லுக்குள் புகுந்து ஊதவைக்கும். செறிவு மிகுந்தது ஹைப்பர்டானிக்; அது செல்லிலிருந்து நீரை வெளியே இழுக்கும்.

வார்டில் என்.எஸ். என்று அழைக்கப்படும் நார்மல் சலைன் 0.9 சதவீத உப்பு நீர். அரை லிட்டர் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு இருக்கும். ஆர்.எல். என்கிற ரிங்கர் லாக்டேட்டில் உப்போடு கொஞ்சம் பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் ஆகியவையும் சேர்ந்திருக்கும். இரண்டுமே ஐசோடானிக் வகை. சோடியம் செல்லுக்குள் எளிதில் தங்காது என்பதால், கூடவே வந்த நீரும் செல்லுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் கால் லிட்டர்தான் ரத்தக் குழாயில் மிஞ்சும். மீதி, திசுக்களின் இடைவெளிகளில் பரவிவிடும்.

வாந்திபேதியில் துவண்டு கிடக்கும் ஆறு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடை 20 கிலோ. கண் குழி விழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது, குடிக்கத் தெம்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கிலோவுக்கு 100 மில்லி, அதாவது இரண்டு லிட்டர் ஆர்.எல். தேவை. அதில் 600 மில்லி முதல் அரை மணி நேரத்தில் போக வேண்டும். மிச்சம் 1,400 மில்லி அடுத்த இரண்டரை மணி நேரத்தில். முதல் அரை மணி முடிந்ததும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். நாடி இன்னும் பலவீனமாக இருந்தால் அதே 600 மில்லி மறுபடியும். குழந்தை விழுங்கத் தொடங்கியதும் உப்பு-சர்க்கரைக் கரைசலையும் வாய்வழியே சேர்த்துக் கொடுப்பார்கள்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் 1832இல். ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகும் நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் ஆறு பைன்ட், ஏறக்குறைய மூன்றரை லிட்டர் உப்புக் கரைசலை ஏற்றினார். முகத்தில் உயிர் திரும்பியது. களைத்துப்போயிருந்த லாட்டா நிம்மதியாக ஓய்வெடுக்கப் போனார். பேதி நிற்கவில்லை, ஏற்றிய நீர் முழுக்க வெளியேறி, சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். இழந்ததை ஈடுகட்டுவது பாதி வேலைதான். தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதையும் அளந்து ஈடுகட்ட வேண்டும்.

இப்போது குளுக்கோஸ் பாட்டிலுக்கு வருவோம். டி ஃபைவ், அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், பாட்டிலுக்குள் இருக்கும்வரை ஐசோடானிக். தேர்வில் பல மாணவர்கள் இடறி விழும் இடம் இது. உடலுக்குள் போனதும் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பிறகு எஞ்சுவது வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரை நேரடியாக நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும் என்பதால்தான் அதில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. ஒரு லிட்டர் டி ஃபைவில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும், ரத்தக் குழாயில் நிற்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரை லிட்டரில் உள்ள சக்தியும் இரண்டு இட்லி அளவுதான். வாந்திபேதியில் சுருண்டு கிடக்கும் அந்தக் குழந்தைக்கு அப்பா கேட்டபடி குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், நாடி தேறாது. இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும்.

குறை செறிவுத் திரவங்கள் வேறு யாருக்கு? தாகம் சொல்லத் தெரியாமல் படுக்கையில் கிடந்து, உடலில் நீர் வற்றி, சோடியம் ஏறிப்போன முதியவருக்கு. அவருக்கு டி ஃபைவோ, ஹாஃப் நார்மல் என்கிற 0.45 சதவீத சலைனோ கொடுப்பார்கள். தலையில் அடிபட்டவருக்கு அவை ஆபத்து. செல்லுக்குள் புகும் நீர் மூளையையும் வீங்கவைக்கும். மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. சாப்பிட முடியாத குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகள் குறை செறிவு உப்பு நீரைத்தான் கொடுத்துவந்தார்கள். நோயின்போது உடல் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் சிலருக்குச் சோடியம் சரிந்து வலிப்பு வந்தது. 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐசோடானிக் திரவமே வேண்டும் என்று வழிகாட்டியது. டிரிப்ஸ் ஓடும் குழந்தைக்குப் புதிதாகத் தலைவலியோ, வாந்தியோ, மந்தமோ வந்தால் சோடியத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மிகை செறிவு வகையில் முக்கியமானது 3 சதவீத சலைன். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிட்டுவந்த, 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளலாம். சில நாளாக வாந்தி, குழப்பமான பேச்சு, இன்று காலை வலிப்பு. சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டியது, 110 காட்டுகிறது. அவருக்கு 150 மில்லி த்ரீ பர்சென்ட் சலைன் 20 நிமிடத்தில் போகிறது. வீங்கிய மூளையிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட, வலிப்பு நிற்கிறது. மதியம் சோடியம் 115. ஐந்து புள்ளி ஏறியதே உயிரைக் காக்கப் போதும்.

இதற்குப் பிறகுதான் செவிலியரின் கண் தூங்கக் கூடாது. நாட்கணக்கில் குறைந்த சோடியத்துக்குப் பழகிவிட்ட மூளையில் அது வேகமாக ஏறினால், நரம்பிழைகளின் உறை சிதைகிறது. உடனே ஒன்றும் தெரியாது; சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க வராது, கை கால் செயலிழக்கும். ஆகவே 24 மணி நேரத்தில் எட்டுப் புள்ளிக்கு மேல் ஏற விடுவதில்லை என்பது பாட்டிக்கான கணக்கு: நாளை காலை வரை 118ஐத் தாண்டக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு 117. பதினொரு மணிக்கு மேல் சிறுநீர்ப் பை மளமளவென்று நிறைகிறது, நிறமும் தண்ணீர்போல. வாந்தி நின்று, மாத்திரையின் பிடி விட்டதும் சிறுநீரகம் தேங்கிய நீரையெல்லாம் வெளியேற்றத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நள்ளிரவு தாண்டி எடுத்த சோதனையில் 120. பணியிலிருந்த மருத்துவர் சிறுநீரைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரெசின் ஊசி எழுதுகிறார். கூடவே, ஏறிய சோடியத்தைக் கீழே கொண்டுவர வெறும் தண்ணீர் தேவை. செவிலியர் அலமாரியிலிருந்து எடுத்து, மணிக்கு 150 மில்லி வேகத்தில் தொங்கவிடுவது டி ஃபைவ், அந்தக் குளுக்கோஸ் பாட்டில்.