வட்டமாகக் காயும் நெல் வயல்

காவிரி டெல்டாவில் சம்பா கதிர் வரும் சமயத்தில் வேளாண்மை அலுவலர்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது: "சார், நடு வயல்ல வட்டமா காஞ்சு கிடக்கு. தண்ணி கட்டியும் யூரியா போட்டும் பச்சை திரும்பல."

அப்பகுதியில் நெடுநாள் பணியாற்றும் அலுவலர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"வட்டம்னு சொன்னதுமே புகையான்னு சந்தேகம் வந்துடும்" என்றார். தழைச்சத்து குறைந்தால் வயல் பரவலாக வெளுக்கும். அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். பாக்டீரியா இலைக்கருகல் நுனியில் தொடங்கி, ஓரத்தில் நெளிநெளியாக இறங்கும். புகையான் தாக்கினால் பயிர் திட்டுத் திட்டாகத் தீய்ந்துபோகும்.

"வாட்ஸப்ல படம் அனுப்புறாங்க. அதுல இலைதான் தெரியுது. பூச்சி உட்கார்ந்திருக்கிறது தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டுல." அதனால் வயலில் இறங்கி, காய்ந்த இடத்தை விட்டு அதன் ஓரத்தில் பச்சையாக நிற்கும் குத்துகளை விலக்கிப் பார்க்கிறார். லேசாகத் தட்டினால் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து மிதக்கும்.

அடுத்து எண்ணிக்கை. தண்டுக்கு ஒரு பூச்சி வந்துவிட்டால் மருந்து தேவை என்பது கணக்கு. விவசாயியிடம் அவர் இப்படிச் சொல்கிறார்: "ஐயா, இந்தக் குத்துல பதினஞ்சு தண்டு இருக்கு. பதினஞ்சு பூச்சிக்கு மேல இருந்தா அடிப்போம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்துச்சுன்னா முப்பது வரைக்கும் பொறுக்கலாம், அது தின்னுக்கும்."

சிலந்தியைச் சேர்த்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. கடையில் கேட்டு வாங்கிய பைரித்திராய்டு வகை மருந்தை அடித்தால் முதலில் சாவது சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும்தான். பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். யூரியாவும் அப்படியே, தழை மெதுமெதுப்பாகி, பூச்சிக்கு இன்னும் தோதாகிறது.

ஆகவே அவர் சொல்லும் முதல் வேலைக்குச் செலவில்லை: தண்ணீரை வடித்துவிட்டு யூரியாவை நிறுத்துவது. எண்ணிக்கை மீறியிருந்தால்தான் புகையானுக்கென்று பரிந்துரைத்த மருந்து. அதையும் பயிருக்கு மேலே தூவிவிட்டுப் போனால் பூச்சிமேல் படாது. குத்துகளை ஒதுக்கி, விசைத்தெளிப்பானின் முனையைத் தூருக்குத் திருப்ப வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆள்கூலி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

காய்ந்த வட்டம் திரும்பாது என்பதை அவர் மறைப்பதில்லை. "அதை விட்டுடுங்க, சுத்தி நிக்கிறதைக் காப்பாத்துவோம்."

அடுத்த நடவுக்கு எட்டடிக்கு ஓரடி பட்டம் விடச் சொல்கிறார். காற்றும் வெளிச்சமும் அடிவரை போனால் பூச்சி அவ்வளவாகத் தங்காது. மருந்தடிக்க நடக்கவும் வழி கிடைக்கும். நிலம் வீணாகிறதே என்று தயங்குகிறவரை, தன் சொந்த வரப்போரத்துக் குத்துகளில் எத்தனை தூர் கட்டியிருக்கிறது, நடுவயலில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்.