ஜேபெக் படத்தில் சதுரங்கள் எங்கிருந்து வருகின்றன?

கைபேசியில் எடுக்கும் 1.2 கோடி பிக்சல் புகைப்படத்தில் அகலவாக்கில் 4000 பிக்சல்களும் உயரவாக்கில் 3000 பிக்சல்களும் இருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண் ஒன்றுக்கு ஒரு பைட். அப்படியே எழுதி வைத்தால் 3 கோடியே 60 லட்சம் பைட் தேவைப்படும். ஆனால் அதே படம் ஜேபெக் கோப்பாகச் சேமிக்கப்படும்போது பெரும்பாலும் சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்குக்கு அருகே அளவைக் குறைத்தும் படம் பழையபடியே தெரிகிறதென்றால், எறியப்பட்டது கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரம் என்று பொருள். எதை எறிவது என்று முடிவு செய்யும் முறைதான் ஜேபெக். 1986இல் கூடிய வல்லுநர் குழு ஒன்று இதை வகுத்தது. 1992இல் இது சர்வதேசத் தரமாக வெளியானது.

முதல் வேலை, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது. சிவப்பு, பச்சை, நீல எண்களிலிருந்து ஒரு வெளிச்ச எண்ணும் இரண்டு நிற எண்களும் கணக்கிடப்படுகின்றன. மனிதக் கண் வெளிச்ச மாற்றத்தைக் கூர்மையாகக் காணும். நிற மாற்றத்தில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் வெளிச்ச எண்கள் முழுதாக வைத்துக்கொள்ளப்படுகின்றன. நிற எண்கள் மட்டும் பல நேரங்களில் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைக்கப்படுகின்றன. இந்த ஒரு படியிலேயே எண்களின் தொகை பாதியாகிவிடும். புகைப்படத்தில் இந்த இழப்பு தெரிவதில்லை. வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து உள்ள படத்தில், எழுத்தின் விளிம்பில் நிறம் கசிந்தது போலத் தெரியும்.

அடுத்து, படம் 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. இங்கிருந்து ஒவ்வொரு சதுரமும் தனிக் கணக்கு. பக்கத்துச் சதுரத்தில் என்ன எறியப்பட்டது என்பது இந்தச் சதுரத்துக்குத் தெரியாது. பின்னால் வரும் தொல்லையெல்லாம் இந்தத் தனிமையில் பிறப்பதுதான்.

ஒரு சதுரத்தில் உள்ள 64 வெளிச்ச எண்கள், கோசைன் உருமாற்றம் என்ற கணக்கின் வழியாக வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. நாசிர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட முறை இது. புதிய எண்களில் முதலாவது, சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்கிறது. அடுத்து வருபவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்குவதைச் சொல்கின்றன. கடைசியில் நிற்பவை, பிக்சலுக்குப் பிக்சல் மாறும் நுண்ணிய இழைகளைச் சொல்கின்றன. இதுவரை வெளிச்சத்தில் எதுவும் இழக்கப்படவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால் பழைய 64 எண்களும் திரும்ப வந்துவிடும்.

இழப்பு நடப்பது அதற்கு அடுத்த படியில். 64 எண்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுஎண் உண்டு. அவை ஓர் அட்டவணையாகக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய வகுஎண்ணால் வகுத்து, விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, அந்த முழு எண் மட்டுமே சேமிக்கப்படுகிறது. படத்தைத் திறக்கும்போது அதை மறுபடி வகுஎண்ணால் பெருக்குவார்கள். பத்து ரூபாய்த் தாள்கள் மட்டுமே கையில் உள்ளவர் 37 ரூபாய்க் கடனை 40ஆகத் தீர்ப்பதும், 4 ரூபாய்க் கடனைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் போன்றது இது. நுண்ணிய இழைகளுக்கு வகுஎண் பெரியதாக வைக்கப்படுவதால் அவற்றில் பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். வரிசையாக வரும் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. ‘இனி எல்லாம் பூஜ்யம்’ என்று ஒரே குறி போதும். கோப்பு சிறுத்துப்போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் ‘தரம்’ என்ற எண் இந்த அட்டவணையை மாற்றும் திருகு, அவ்வளவே. பரவலாகப் பயன்படும் லிப்ஜேபெக் நிரலில், வெளிச்சச் சராசரிக்கான வகுஎண் தரம் 50இல் 16. தரம் 90இல் 3. தரம் 10இல் 80. தரம் 90 என்றால் படத்தில் 90 சதவீதம் மிச்சம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பொருளும் அதற்குக் கிடையாது. வேறு மென்பொருள் வேறு அட்டவணை வைத்திருக்கும்; சிலவற்றில் தர அளவே 12உடன் முடிந்துவிடும்.

சதுரங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது எப்படி என்பதை வானத்தின் ஒரு துண்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரங்கள்; ஒன்றின் சராசரி வெளிச்சம் 134, மற்றதில் 132. வித்தியாசம் 2 மட்டுமே, அதுவும் படிப்படியாக இறங்குகிறது. கண்ணுக்கு அது ஒரே வானம். கணக்கு தொடங்கும்போது ஒவ்வொரு வெளிச்ச எண்ணிலிருந்தும் 128 கழிக்கப்படும். மீதி 6, 4. உருமாற்றத்தில் முதல் எண் சராசரியின் எட்டு மடங்காக வரும் என்பதால் அவை 48, 32 ஆகின்றன. தரம் 10இல் சேமித்தால் வகுஎண் 80. 48ஐ வகுத்தால் 0.6, அது 1 ஆகிறது. 32ஐ வகுத்தால் 0.4, அது 0 ஆகிறது. திறக்கும்போது முதல் சதுரம் 80ஐ எட்டால் வகுத்து 10 பெற்று 138 ஆக நிற்கும். இரண்டாவது 128 ஆக நிற்கும். 2ஆக இருந்த வித்தியாசம் 10 ஆகிவிட்டது. சதுரத்துக்குள் இருந்த மென்மையான இறக்கத்தைக் குறித்த எண் 5ஐக்கூட எட்டாது. அதற்கான வகுஎண்ணோ 55. ஆகவே அது பூஜ்யம். படிப்படியாக இறங்கிய வானம் இப்போது சம நிறத்தில் இரண்டு ஓடுகள். நடுவே கூர்மையான கோடு. மரக்கிளையோ புல்வெளியோ இருக்கும் இடத்தில் அதே பிழை நடந்தாலும் கண் பிடிக்காது. வானம், சுவர், கன்னம் போன்ற இடங்களில்தான் சதுரங்கள் முதலில் தலைகாட்டும்.

திரும்பத் திரும்பச் சேமித்தால் படம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை. அது பாதிதான் சரி. கோப்பைத் திறந்து பார்ப்பதாலும் நகலெடுப்பதாலும் எதுவும் ஆகாது. அங்கே வகுத்தல் நடப்பதே இல்லை. திறந்து, எதையும் மாற்றாமல், அதே மென்பொருளில் அதே தரத்தில் மறுபடி சேமித்தாலும் சேதம் மிகக் குறைவு. 37 என்ற எண் முதல் முறை 10ஆல் வகுபட்டு 40 ஆகிவிட்டது. அடுத்த முறையும் 10ஆல் வகுத்தால் 4 சரியாக வரும், திறந்தால் மறுபடி 40. பிக்சல் எண்கள் 0 முதல் 255 வரையிலான முழு எண்களாக மாற வேண்டியிருப்பதால் சிறு பிசகுகள் வரும். ஆனால் பொதுவாகச் சில முறை சேமித்தபின் அவையும் அடங்கி, படம் ஏறத்தாழ அப்படியே நின்றுவிடும்.

அட்டவணை மாறும்போது கதை வேறு. அந்த 40, வேறொரு மென்பொருளுக்குப் போய் 7ஆல் வகுபட்டால் 5.7, அதாவது 6, திறந்தால் 42. மூன்றாவது இடத்தில் வகுஎண் 16 என்றால் 2.6, அதாவது 3, திறந்தால் 48. மூலப் படத்தின் 37 நேராக 16ஆல் வகுபட்டிருந்தால் 2 கிடைத்து 32இல் நின்றிருக்கும், பிழை 5. இரண்டு நிறுத்தங்களில் இறங்கி ஏறி வந்ததால் பிழை 11. எல்லா எண்ணுக்கும் இப்படி மோசமாகவே போகும் என்றில்லை. சில எண்களில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் ஒருமுறை பூஜ்யமான எண்ணின் பழைய மதிப்பு எந்தச் சேமிப்பிலும் திரும்பாது. சேதமான படத்தைத் தரம் 95இல் சேமிப்பவருக்குக் கிடைப்பது, பழைய சதுரங்களை மிகக் கவனமாகப் பதிந்து வைத்த ஒரு பெரிய கோப்பு.

அதைவிட அதிகம் கெடுப்பது சதுரங்கள் இடம் பெயர்வது. படத்தின் இடது ஓரத்தில் 3 பிக்சல் வெட்டிச் சேமித்ததாக வைத்துக்கொண்டால், புதிய சதுரங்கள் புதிய ஓரத்திலிருந்து எண்ணப்படும். முன்பு இரண்டு சதுரங்களுக்கு இடையே எல்லையாக இருந்த அந்த 138-128 கோடு இப்போது ஒரு சதுரத்தின் நடுவே வந்து விழுகிறது. மென்பொருளுக்கு அது படத்திலேயே உள்ள ஒரு விளிம்பு. கூர்மையான விளிம்பைக் காட்டப் பல எண்கள் வேண்டும்; அவற்றில் சில வகுத்தலில் அடிபட, கோட்டின் இருபுறமும் அலை போன்ற கறை படிகிறது. கூடவே புதிய எல்லைகளில் புதிய கோடுகளும் சேர்கின்றன. செய்தி அனுப்பும் செயலிகளில் படம் கைமாறும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒருவர் திரைப்பிடிப்பு எடுக்கிறார், இன்னொருவர் ஓரத்தை வெட்டுகிறார், வேறொருவர் மேலே வாழ்த்து எழுதி அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் அளவு மாறி, கட்டங்கள் நகர்ந்து, புது அட்டவணையில் வகுத்தல் நடக்கிறது.

ஒரு படம் பட்டிருக்கும் பாட்டை ஓரளவு கண்ணாலேயே படிக்கலாம். வானமோ சுவரோ உள்ள பகுதியை 400 சதவீதம் பெரிதாக்கி, கோடுகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று எண்ண வேண்டும். சரியாக 8 என்றால், கடைசியாக ஜேபெக் ஆனபின் அளவு மாற்றப்படவில்லை. 5, 6, 11 என்று வேறு இடைவெளி வந்தால், சதுரங்கள் விழுந்த பிறகு யாரோ அளவை மாற்றியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வலைகள் தெரிந்தால் நடுவில் வெட்டு நடந்திருக்கலாம். நிறம் மட்டும் 16 பிக்சல் சதுரங்களாகத் திட்டுத் திட்டாக இருந்தால், அது நான்குக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்ட நிற எண்களின் சதுரம்.

வெட்டவும் திருப்பவும் மட்டும் வேண்டுமென்றால் வகுத்தலைத் தொடாமலே செய்யலாம். ‘ஜேபெக்டிரான்’ என்ற சிறு நிரல், படத்தைப் பிக்சல்களாக விரிக்காமல், சேமித்த முழு எண்களையே சதுரம் சதுரமாக எடுத்து நகர்த்துகிறது:

```
jpegtran -copy all -crop 800x608+16+32 -outfile cut.jpg photo.jpg
```

இதில் 16, 32 என்பவை வெட்டு தொடங்கும் இடம். நிறம் குறைக்கப்பட்ட படங்களில் தொடக்கம் 16இன் மடங்காக இருக்க வேண்டும்; இல்லையென்றால் நிரலே அதை முந்தைய எல்லைக்கு நகர்த்திக்கொள்ளும். நிறத்தைத் திருத்துவது, எழுத்துச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பில் செய்து முடித்து, அனுப்பும் நேரத்தில் ஒரே ஒருமுறை ஜேபெக் ஆக்குவதே நடைமுறை. எழுத்து நிறைந்த திரைப்பிடிப்புகளை ஜேபெக் ஆக்கவே வேண்டாம். கூர்மையான விளிம்பும் ஒரே நிறப் பரப்பும் உள்ள அத்தகைய படங்கள் பிஎன்ஜியில் இழப்பில்லாமல் இருப்பதோடு, பல நேரங்களில் ஜேபெக்கைவிடச் சிறிதாகவும் அமையும்.