கச்சேரிக்கு இரண்டு பதிவு: இடையே எத்தனை வினாடி?

சபா கச்சேரியை வீடியோ எடுப்பவர்களில் பலர் ஒலியைத் தனியாகவும் பிடித்துக்கொள்கிறார்கள். மிக்சரிலிருந்து ஒரு ரெக்கார்டருக்குத் தெளிவான ஒலி போகும். கடைசி வரிசையில் நிற்கும் கேமராவின் மைக்கிலோ எதிரொலி, இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாம் விழும். ரசிகர்களுக்குக் கொடுக்க லாயக்கில்லாத அந்த ஒலிதான், ரெக்கார்டர் எத்தனை வினாடி முன்பாக ஓடத் தொடங்கியது என்று சொல்லப்போகிறது.

கணினிக்கு ஒலி என்பது பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் எண்களின் வரிசை. இந்த வேலைக்கு வினாடிக்கு 8,000 எண்கள் தாராளம். கேமரா பதிவின் 10-வது நிமிடத்திலிருந்து 30 வினாடி வெட்டி எடுத்து, ரெக்கார்டர் பதிவின்மேல் ஓர் எண் ஓர் எண்ணாக நகர்த்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நேருக்கு நேர் வரும் எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். பொருந்தாத இடத்தில் நேர்மறையும் எதிர்மறையும் ஒன்றையொன்று தின்றுவிடும். பொருந்தும் இடத்திலோ எதிர்மறைக்கு நேரே எதிர்மறைதான் நிற்கும். பெருக்கினால் அதுவும் நேர்மறை. கூட்டுத்தொகை திடீரென எகிறும். அந்த உச்சம் 10 நிமிடம் 41.37 வினாடியில் வந்தால், ரெக்கார்டர் 41.37 வினாடி முந்தி ஓடியிருக்கிறது.

ஏமாற்றுவது தாளம். எட்டு அட்சர ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 6 வினாடி என்றால், 6 வினாடி தள்ளி வைத்தாலும் மிருதங்கத் தட்டுகள் ஏறக்குறைய பொருந்தும். முதல் உச்சத்துக்குச் சற்றே குறைவாக இன்னோர் உச்சம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். தம்புரா மட்டும் ஒலிக்கும் இடம் இன்னும் மோசம். எங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கைத்தட்டல் இருக்கும் துண்டு நல்லது, அது அப்படியே திரும்ப வருவதில்லை.

வேறொரு துண்டை, முடிந்தால் கச்சேரியின் கடைசியிலிருந்து, எடுத்து மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். அங்கே 41.37-க்குப் பதில் 41.51 வந்தால் முதல் கணக்கு தப்பென்று ஆகிவிடாது. இரு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டு மணி நேரத்தில் 0.14 வினாடி சேர்ந்துவிடும். ஒரு பதிவை அந்த அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் வித்வானின் கை விழுந்த பிறகே சத்தம் வருவதுபோல் தெரியலாம். ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவை அடைய அதற்கு 0.087 வினாடி ஆகும். காட்சியோ உடனே வந்துவிடும். நாம் பொருத்தியது அந்தத் தாமதமான ஒலியோடு. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் மிக்சர் ஒலியை இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளினால் கையும் தட்டும் சேர்ந்துகொள்ளும்.