ஒரே குமிழில் ஏற்றமும் இறக்கமும்

ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை வலப்பக்கம் திருப்பினால் தவில் அதிர்கிறது. இடப்பக்கம் திருப்பினால் மெலிகிறது. நடுவில் நிறுத்தினால் பாட்டு பதிவானபடியே வருகிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஒரே ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட சுற்று இது.

டிரான்சிஸ்டரோ வால்வோ இல்லாத பழைய டோன் சுற்றுகளில் பேஸை ஏற்றுவது பாதி ஏமாற்றுதான். மொத்தச் சத்தத்தையும் முதலில் குறைத்துவிட்டு, பேஸை மட்டும் குறையாமல் விட்டுவிடுவார்கள். பாக்ஸண்டால் பொட்டின் ஒரு முனையை உள்ளே வரும் சிக்னலிலும், மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலும், நடுக்காலை அதன் தலைகீழாக்கும் உள்ளீட்டிலும் இணைத்தார். இப்படி இணைத்தால், வெளியீட்டுப் பக்கத்து மின்தடையை உள்ளீட்டுப் பக்கத்து மின்தடையால் வகுத்தால் வருவதே பெருக்கம்.

100 கிலோ ஓம் பொட்டும், இரு முனைகளிலும் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குமிழ் நடுவில் நின்றால் இருபுறமும் 60. பெருக்கம் ஒன்று, மாற்றமே இல்லை. நடுக்காலை உள்ளீட்டு முனைவரை தள்ளினால் ஒருபுறம் 110, மறுபுறம் 10. பெருக்கம் 11 மடங்கு. எதிர்முனைக்குப் போனால் அதுவே பதினொன்றில் ஒரு பங்கு.

இது பேஸை மட்டும் தொடுவது எப்படி? நடுக்காலிலிருந்து இரு முனைகளுக்கும் 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் போகின்றன. உயர்ந்த ஸ்வரங்களுக்கு அவை திறந்த வழி. பொட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் குமிழை எங்கே வைத்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அந்த வழி அடைப்பு, பொட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். முழுதும் ஏற்றினால், சுமார் 370 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏற்றம் தொடங்கும். 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றரை மடங்கைத் தாண்டும். முழுப் பதினொன்றை நெருங்குவது 34 ஹெர்ட்ஸுக்கும் கீழேதான்.

ட்ரெபிளுக்கு இதே பொட்டு, கெப்பாசிட்டர் மட்டும் இடம் மாறுகிறது. சில நானோஃபாரட் அளவுள்ள ஒன்று பொட்டுடன் தொடராக அமர்ந்து, தாழ்ந்த ஸ்வரங்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சொந்தமாக போர்டு கட்டுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. லீனியர் பொட்டுக்குப் பதில் வால்யூமுக்கான லாக் பொட்டைப் போட்டால், குமிழ் நடுவில் இருந்தும் ஒலி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். வால்யூம் பொட்டிலிருந்து நேரே சிக்னல் எடுத்தாலும் அதன் மின்தடை உள்ளீட்டுப் பக்கத்தில் சேர்ந்து கணக்கைக் குலைக்கும். இடையில் ஒரு பஃபர் வேண்டும். இன்னொன்று, ஒரு வோல்ட் சிக்னல் முழு ஏற்றத்தில் 11 வோல்ட்டாக வேண்டும். 12 வோல்ட் சப்ளையில் ஓடும் ஐசிக்கு அது முடியாது, முட்டித் தட்டையாகிவிடும். பேஸ் விழும்போதெல்லாம் பாடகர் குரலும் சேர்ந்து கரகரத்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.