படுக்கையிலிருக்கும் முதியோருக்கு ஃப்ளூ: நெஞ்சுப் பராமரிப்பு

ஃப்ளூ காய்ச்சலில் மூச்சுக்குழாயில் சேரும் சளியை இருமல்தான் வெளியேற்றுகிறது. மல்லாந்தே படுத்திருக்கும் முதியவருக்கு இருமும் வலு குறைவு. அதனால் சளி நுரையீரலின் முதுகுப்பக்கத்தில் தேங்குகிறது. அதில் பாக்டீரியா பெருகினால் நிமோனியா உண்டாகும்.

பக்கவாதத்தால் படுத்திருக்கும் 80 வயதானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு அவரை இடப்பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுக்கலாம். 8 மணிக்கு வலப்பக்கம் மாற்றலாம். 10 மணிக்கு மேலுடலை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தலாம். தலைக்கு மட்டும் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். இடுப்பிலிருந்தே உயர்த்த வேண்டும்.

இந்தச் சாய்ந்த நிலையில் மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, 3 நொடி நிறுத்தி, வாயால் விடச் சொல்லவும். ஐந்து முறை போதும். தொடர்ந்து செய்தால் தலைசுற்றும். பிறகு இருமச் சொல்லவும்.

புரட்டிப் படுக்கவைப்பது மட்டும் நிமோனியாவைத் தடுத்துவிடாது. புரையேறும் உணவும் நுரையீரலுக்குள் போகும். எனவே நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடக் கூடாது. பற்களையும் நாக்கையும் தினமும் துடைக்க வேண்டும்.

முதியோருக்கு நிமோனியா வந்தும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 25-ஐத் தாண்டினாலோ உதடு நீலமானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.